‘அல்ல’வும் ‘இல்ல’வும்: முப்பது வருஷம் பேசியும் திருந்தாத மலையாளம்

கொல்லங்கோட்டுப் பக்கம் வந்து குடியேறிய தமிழர்களைப் பற்றி ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. ஆள் கெட்டிக்காரர், கணக்கில் புலி, மலையாளப் பத்திரிகையைக்கூட எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். முப்பது வருஷமாக மலையாளிகளோடுதான் கொடுக்கல் வாங்கல். அப்படியிருந்தும் அவர் பேசும் மலையாளத்தில் இன்ன இன்ன தப்பு என்று அவருடைய பேரப்பிள்ளை விரல்விட்டு எண்ணுகிறது. முதல் ரெண்டு வருஷத்தில் மளமளவென்று வந்த மொழி, அதற்கப்புறம் ஏன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது? சோம்பல் என்பார்கள் சிலர். மரியாதையில்லாமை என்பார்கள் சிலர். ‘பாண்டிக்கு நாக்கு வளையாது’ என்று கேலி பேசுகிறவர்களும் இல்லாமல் இல்லை. இந்த மூன்றும் காரணமல்ல என்பதை மொழியியலார் ஐம்பது வருஷத்துக்கு முன்பே விளக்கிவிட்டார்கள். அந்த விளக்கத்தை நம்ம ஊர்ச் சரக்கைக் கொண்டே சொல்ல முயல்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் தப்பு ஒன்றே ஒன்றுதான். மலையாளத்தில் மறுப்புக்கு இரண்டு சொல் உண்டு. ‘அரி இல்ல’ என்றால் அரிசி கைவசம் இல்லை. ‘இது அரி அல்ல’ என்றால் இந்தப் பொருள் அரிசி அன்று, வேறு ஏதோ. ஒரு பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘உண்டு’ என்றோ ‘இல்ல’ என்றோ பதில். ஒரு பொருள் இன்னதுதானா என்ற கேள்விக்கு ‘ஆணு’ என்றோ ‘அல்ல’ என்றோ பதில். உண்டுக்கு ஜோடி இல்ல. ஆணுவுக்கு ஜோடி அல்ல. இந்த ஜோடிகளை மலையாளக் குழந்தை பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே மாற்றாமல் சொல்லும்.

நம் பேச்சுத் தமிழில் இந்தப் பிரிவு மறைந்துவிட்டது. ‘அரிசி இல்லை’ என்பதும் ‘இது அரிசி இல்லை’ என்பதும் ஒரே இல்லைதான். எழுத்துத் தமிழில் ‘அல்ல’ இன்றும் இருக்கிறது. பழைய இலக்கணத்தில் அல்லேன், அல்லன், அல்லள், அல்லர், அன்று என்று பெரிய குடும்பமே இருந்தது. ஆனால் சந்தையில் நின்று ‘இது என் மூட்டை அன்று’ என்று சொல்பவர் யார்? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழில் ‘இது அரிசி’ என்றால் வாக்கியம் முடிந்தது. மலையாளத்தில் ‘இது அரியாணு’ என்று ஒரு ‘ஆணு’ வந்து உட்காரும். ஆணு என்ற வீடே நம்மிடம் இல்லாதபோது அதற்கு எதிர்வீடான அல்லவும் மனசில் தங்க இடமில்லை.

இனி ஒரு ஆளைப் பார்ப்போம். பெயர் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தன் இருபத்தைந்தாம் வயசில் கொல்லங்கோட்டுக்கு வந்து மளிகைக்கடை வைத்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். வியாபாரத் தொடர்பால் எனக்கு நெடுநாள் பழக்கம். ‘இது மட்டயாணோ?’ என்று வாடிக்கைக்காரர் கேட்டால், ‘இல்ல, பொன்னி’ என்பார். ‘அல்ல, பொன்னியாணு’ என்று வந்திருக்க வேண்டும். ‘நாளெ லோடு வரும், இல்லே?’ என்பார், அந்த இடத்தில் ‘அல்லே?’ என்பதுதான் வழக்கு. ‘அது ஞான் இல்ல பறஞ்ஞது’ என்பார். மலையாளி ‘ஞானல்ல பறஞ்ஞது’ என்பார்.

இதே மனுஷர் வேறு எத்தனையோ இடங்களில் தப்பே செய்வதில்லை. தமிழில் வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று வினைக்கு வால் மாறும். மலையாளத்தில் எல்லோருக்கும் ‘வந்நு’ ஒன்றுதான். இதை அவர் வந்த ஆறு மாசத்திலேயே பிடித்துக்கொண்டாராம். ‘அவசரம்’ என்ற சொல்லும் அப்படித்தான். நமக்கு அது பரபரப்பு, மலையாளத்தில் அது வாய்ப்பு. ‘எனிக்கு அவசரம்’ என்று சொல்லி ஒரு தடவை எதிராளி முழித்ததும் அதை விட்டுவிட்டார். ஆக, கற்கும் சக்தி இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. முழு மொழியும் நின்றுபோகவில்லை. குறிப்பிட்ட சில மூலைகள் மட்டும் நின்றுபோயின.

இங்கேதான் லாரி செலிங்கர் வருகிறார். அமெரிக்க மொழியியலாளரான அவர் 1972-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் ‘இன்டர்லாங்குவேஜ்’ என்று ஒரு கருத்தை வைத்தார். தமிழில் இடைமொழி என்று சொல்லலாம். வயது வந்த ஒருவர் புதுமொழி கற்கும்போது அவர் பேசுவது தாய்மொழியும் அல்ல, புதுமொழியும் அல்ல, இரண்டின் கலப்படமும் அல்ல. அவர் மனசுக்குள் தானாகக் கட்டிக்கொண்ட ஒரு மூன்றாவது மொழி. அதற்கென்று ஒழுங்கு உண்டு, விதி உண்டு. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1967-ல், பிட் கார்டர் என்பவர் கற்பவரின் தப்பைக் குப்பையாக ஒதுக்காதீர்கள், அவர் மனசுக்குள் ஓடும் கணக்கு அதில்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

மளிகைக்கடைக்காரரின் மறுப்பை இந்தக் கண்ணோடு பாருங்கள். மனம்போன போக்கில் ஒரு தரம் அல்ல, ஒரு தரம் இல்ல என்று அவர் தடுமாறுவதில்லை. எல்லா இடத்திலும் ‘இல்ல’தான். அவருடைய இடைமொழியில் விதி தெளிவாக இருக்கிறது: மறுக்க வேண்டுமென்றால் இல்ல போடு. இந்த விதி பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. பொருள் இல்லாததற்கு இல்ல சரி. வினையை மறுக்கவும் மலையாளத்தில் இல்லதான்: வந்நில்ல, கிட்டியில்ல, அறியில்ல. ஒரே ஒரு அறையில் மட்டும் அது பொருந்தாது. தினமும் பல தடவை பலிக்கிற விதியை, எப்போதாவது பொருந்தாத ஒரு இடத்துக்காக மனம் பிரித்துப்போடுமா?

சரி, பொருந்தாத இடத்தில் என்ன நடக்கிறது? ‘இது மட்டயாணோ?’ ‘இல்ல, பொன்னி.’ கேட்டவருக்குப் புரிந்துவிட்டது. அரிசி நிறுத்தாயிற்று, காசு வாங்கியாயிற்று. தப்பு நடந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. அவசரம் என்ற சொல்லில் நடந்த மாதிரி எதிராளி முழிக்கவில்லை. அந்தத் தப்புக்குத் தண்டனை இருந்தது, அதனால் திருந்தியது. இந்தத் தப்புக்குத் தண்டனையே இல்லை. புரிகிற அளவுக்கு மொழி வந்தபின், இனி மாற வேண்டிய நெருக்கடி அந்த விதிக்கு இல்லாமல் போகிறது. அப்படியே இறுகிவிடுகிறது. செலிங்கர் இதற்கு வைத்த பெயர் ‘பாசிலைசேஷன்’. புதைபடிவமாதல் என்று பெயர்ப்பார்கள். நான் ‘உறைதல்’ என்றே சொல்கிறேன். தாய்மொழியாளருக்குச் சமமாக வந்து சேருகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான் இருப்பார்கள் என்றும் அவர் எழுதினார். அது எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்கல்ல, உத்தேசம். பின்னால் வந்தவர்கள் அதைக் கணக்குபோல எடுத்தாண்டது வேறு கதை.

தண்டனையே கிடையாது என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. ஒரு கடையில் நடந்தது இது. லோடு அனுப்புகிறவர் போனில் கூப்பிட்டு ‘முதலாளியாணோ?’ என்று கேட்கிறார். எடுத்தது தமிழ்நாட்டிலிருந்து வந்த கணக்குப்பிள்ளை. நான் முதலாளி இல்லை என்று சொல்ல நினைத்து, ‘முதலாளி இல்ல’ என்றார். கேட்டவர் காதில் அது ‘முதலாளி கடையில் இல்லை’ என்று விழுந்தது. சரி, பிறகு கூப்பிடலாம் என்று போனை வைத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளிக்கு விஷயம் தெரிய வரும்போது லாரி வேறு கடைக்குப் போய்விட்டது. ‘முதலாளியல்ல, இப்போ விளிக்காம்’ என்றிருந்தால் காரியம் நடந்திருக்கும். ஆனால் கணக்குப்பிள்ளை இதை மொழித் தப்பாகவே எண்ணவில்லை. எதிராளி பொறுமையில்லாதவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அபூர்வமாக வரும் தண்டனையும் எதற்காக வந்தது என்று தெரியாமலே போய்விடுகிறது.

வாடிக்கைக்காரர்கள் திருத்துவதில்லையா என்றால், திருத்துகிறார்கள், ஆனால் நாசூக்காக. ‘இல்ல, பொன்னி’ என்றதும், ‘ஓ, மட்டயல்ல, அல்லே?’ என்று அந்த அம்மா சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்கிறார். நம்மவர் காதில் அது திருத்தமாக விழாது, ஆமோதிப்பாக விழும். ‘அதே, அதே’ என்று தலையாட்டிவிட்டு மூட்டையை அவிழ்ப்பார். கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளைக் கவனித்து ராய் லிஸ்டர், லைலா ராண்டா என்ற இருவர் 1997-ல் எழுதியதும் இதுவே. ஆசிரியர்கள் அதிகம் கையாளும் திருத்தமுறை இப்படித் திருப்பிச் சொல்வதுதான். மாணவர் தன் தப்பைத் தானே சரிசெய்துகொள்ள மிகக் குறைவாக உதவியதும் அதுதான்.

கொல்லங்கோட்டுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தப் பகுதி சென்னை ராஜ்யத்து மலபார் ஜில்லாவில் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொள்ளாச்சியோடு எந்நாளும் போக்குவரத்து. சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுவோர் நிறைய. மலையாளிகள் பலருக்கும் தமிழ் தெரியும். நம்மவர் மலையாளத்தில் தொடங்கினால் அவர் முகத்தைப் பார்த்தே தமிழில் பதில் சொல்லிவிடுகிறார்கள். இது அன்புதான், ஆனால் மொழி கற்கிறவருக்கு அவ்வளவு உபகாரமில்லாத அன்பு.

இவ்வளவும் சொன்னபிறகு, ‘அப்போ விதியைச் சொல்லிக் கொடுத்தால் தீர்ந்தது’ என்று நினைக்கத் தோன்றும். உறைந்த மறுப்புக்கு உலகப் பிரசித்தமான ஒரு உதாரணம் இருக்கிறது. ஆல்பர்ட்டோ என்று ஆய்வில் பெயரிடப்பட்டவர், முப்பத்துமூன்று வயசுத் தொழிலாளி, கோஸ்டாரிகா நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். தாய்மொழி ஸ்பானிஷ். அதில் வினைக்கு முன்னால் ‘நோ’ என்று போட்டால் மறுப்பு ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அவர் ‘ஐ நோ அண்டர்ஸ்டாண்ட்’ என்றே பேசினார். ‘டோன்ட்’ அவருக்குச் சரியாக வசப்படவில்லை. 1970-களில் ஜான் ஷூமன் உள்ளிட்டோர் ஆறு பேரைப் பத்து மாசம் தொடர்ந்து பதிவுசெய்தார்கள். மற்றவர்கள் முன்னேறினார்கள், எல்லோரிலும் பின்தங்கியவர் ஆல்பர்ட்டோ.

அதன்பின் ஷூமன் அவருக்கு மறுப்பு வாக்கியத்தை மட்டும் பல மாசம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். பயிற்சியில், ‘இதை மறுத்துச் சொல்’ என்று கேட்டபோது, பாதிக்கு மேல் சரியாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் தானாகப் பேசும்போது? பயிற்சிக்கு முன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சரியாக இருந்தது. பயிற்சிக்குப் பின்னும் ஏறக்குறைய அதே ஐந்தில் ஒரு பங்குதான். கற்றது ஒரு அலமாரியில் இருந்தது. வாய் திறந்தால் வேறு அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

நம்மிடையே பள்ளியில் தமிழ் நன்றாகப் படித்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். ‘அவன் அரசன் அல்லன்’ என்று எழுதத் தெரிந்தவர், வீட்டில் ‘அவன் ராஜா இல்ல’ என்றே சொல்லுவார். அல்ல என்ற சொல் அவருக்குத் தெரியாதது அல்ல. பேசும் வேகத்தில் அந்த அலமாரி திறப்பதில்லை. நம் மளிகைக்கடைக்காரரிடம் இந்த வித்தியாசத்தை நான் ஒரு தரம் விளக்கினேன். உடனே பிடித்துக்கொண்டார். துண்டுச்சீட்டில் பத்து வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். எங்கே அல்ல, எங்கே இல்ல என்று பிழையில்லாமல் குறித்தார். அடுத்த நாள் கடையில் ‘கடயில் ஆள் அல்ல’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதாவது புதுச்சொல்லைத் தேவையில்லாத இடத்துக்கும் நீட்டினார். ஒரு வாரத்தில் அதுவும் ஓய்ந்து, பழையபடி இல்லதான். கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு, ‘ஏனுங்க நயினாரே, அவங்களுக்குப் புரியுதில்லீங்க? அப்புறம் என்னத்துக்குங்க?’ என்றார். செலிங்கர் பக்கம்பக்கமாகச் சொன்னதை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார் என்றே எனக்குப் பட்டது.

பழையபடி திரும்பும் இந்தக் குணத்தையும் செலிங்கர் கவனித்திருக்கிறார். போய்விட்டது என்று நினைத்த தப்பு, கடினமான விஷயத்தைப் பேசும்போதும், பதற்றத்திலும், அதற்கு நேர்மாறாக ரொம்ப இளைப்பாறலாக இருக்கும்போதும் எட்டிப்பார்க்கும். உறைந்த தப்பா, போகப்போகத் திருந்துகிற தப்பா என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் ஆள் சாவதானமாக யோசித்துப் பேசும்போது கேட்கக் கூடாது. பாக்கிக்காரரோடு சண்டை போடும்போதோ, ராத்திரி திண்ணையில் சாய்ந்துகொண்டு பழங்கதை பேசும்போதோ கேட்க வேண்டும். ஒரு தடவை கேட்டும் முடிவு கட்டக் கூடாது. வேறு பகுதிகளில் மொழி வளர்ந்துகொண்டே இருக்க, இந்த ஒன்று மட்டும் வருஷக்கணக்கில் நகரவில்லை என்றால்தான் உறைந்தது என்கிறோம். அப்போதும் ‘இதுவரை நகரவில்லை’ என்று சொல்லலாமே தவிர, ‘இனிமேல் நகராது’ என்று நிரூபிக்க யாராலும் ஆகாது. இந்தத் துறையில் இன்னும் தீராத வழக்கு அது.

ஆல்பர்ட்டோ ஏன் முன்னேறவில்லை என்பதற்கு ஷூமன் சொன்ன காரணம், அவர் தன் ஆட்களோடேயே ஒதுங்கி வாழ்ந்தார் என்பது. விலை உயர்ந்த இசைப்பெட்டி வாங்கி அதில் பெரும்பாலும் ஸ்பானிஷ் பாட்டே கேட்டாராம். இதைப் படித்துவிட்டு, நன்றாகக் கலந்து பழகினால் மொழி தானாக வரும் என்று பலர் பேசினார்கள். இந்த முடிவை 1983-ல் ரிச்சர்ட் ஷ்மிட் எழுதிய ஒரு ஆய்வு அசைத்துவிட்டது. வெஸ் என்று அவர் பெயரிட்டது ஹவாய்த் தீவில் குடியேறிய ஒரு ஜப்பானிய ஓவியரை. வெஸ் எல்லோரோடும் கலகலப்பாகப் பழகுகிறவர். ஆங்கிலத்திலேயே நட்பு, ஆங்கிலத்திலேயே தொழில். மூன்று வருஷத்தில் அவருடைய பேச்சுத் திறமை, வேடிக்கையாகக் கதை சொல்லும் திறமை, எல்லாம் வளர்ந்தன. இலக்கணம் மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. நம் மளிகைக்கடைக்காரர் ஆல்பர்ட்டோவின் ஜாதி அல்ல, வெஸ்ஸின் ஜாதி. பஞ்சாயத்து, கோயில் திருவிழா, கல்யாணம் எதிலும் மலையாளிகள் அவர் இல்லாமல் இருப்பதில்லை. பழக்கம் நிறைந்தால் புரிதல் நிறைகிறது. புரிதல் நிறைந்தால் திருத்தத்தின் தேவை குறைகிறது.

அப்படியானால் எந்தத் தப்பு உறையும், எது உறையாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். நம் மொழியில் இரண்டாக இருப்பது புதுமொழியில் ஒன்றாகிறது என்றால் சுலபம். ஒன்றாக இருப்பது இரண்டாகப் பிரிகிறது என்றால் கஷ்டம். சில்லறையைக் கொடுத்து நோட்டு வாங்குவது போல முதலாவது. இரண்டாவது, ஒரே மாதிரித் தெரியும் இரண்டு நாணயத்தை இருட்டில் தடவிப் பிரிப்பது போல. வந்தேன், வந்தான் எல்லாம் ‘வந்நு’ ஆனது முதல் வகை, ஆகவே ஆறு மாசத்தில் முடிந்தது. இல்லை என்பது அல்லவாகவும் இல்லவாகவும் பிரிந்தது இரண்டாம் வகை. டில்லியில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் இருபது வருஷம் ஆகியும் ‘பஸ் ஆயா’ என்று சொல்லி, ‘பஸ் ஆயி’ என்று பிள்ளைகளிடம் திருத்து வாங்குவதும் இதே கணக்குதான். நமக்கு அஃறிணை ஒன்று. ஹிந்திக்காரருக்கு பஸ்ஸும் நாற்காலியும் பெண், கதவும் வீடும் ஆண்.

வேலை வாங்க வேண்டிய இடமும் அப்போது தெரிகிறது. ‘அல்ல சொல், அல்ல சொல்’ என்று அதட்டினால் ‘கடயில் ஆள் அல்ல’ என்றுதான் வந்து முடியும். மறுப்பை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிடிக்க வேண்டும். கேள்வி ‘உண்டோ’ என்று முடிந்தால் பதில் இல்ல. ‘ஆணோ’ என்று முடிந்தால் பதில் அல்ல. கேட்டவர் வாயிலேயே பாதி விடை இருக்கிறது. எழுத்துப் பயிற்சி அந்த முதல் அலமாரிக்குத்தான் தீனி போடும். ஆகவே வீட்டுப் பிள்ளைகள் கலத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ‘இது சாம்பாராணோ? மோருண்டோ? இது உப்பாணோ?’ என்று யோசிக்க நேரம் கொடுக்காமல் கலந்து கேட்டால் பயன் இருக்கிறது. தப்பாகச் சொன்னால் நாசூக்காகத் திருப்பிச் சொல்லாமல், புரியாத மாதிரி முழிக்க வேண்டும். அவசரத்தைத் திருத்தியது அந்த முழிதானே. நான் பார்த்தவரை, ஒற்றைச் சொல் பதிலாக வரும் அல்ல இப்படித் திருந்துகிறது. வாக்கியத்தின் நடுவில் வருவது, ‘ஞானல்ல பறஞ்ஞது’ போன்றது, அவ்வளவு எளிதில் மசிவதில்லை.

கடைசியாக ஒரு வேடிக்கை. தமிழ் பேசும் கொல்லங்கோட்டு மலையாளியிடம் இந்த அல்ல–இல்ல தகராறே கிடையாது. அவருடைய இரண்டு சொல்லும் நம்முடைய ஒரு இல்லைக்குள் சிரமமில்லாமல் அடங்கிவிடுகின்றன. அவர் உறைகிற இடம் வேறு. அவருடைய ஒரு ‘வந்நு’ நம்மிடம் ஏழெட்டு வாலாகப் பிரிகிறது அல்லவா? ‘அம்மா வந்தான், அப்பா வந்தாள்’ என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக வியாபாரம் செய்கிறவர்களைச் சந்தையில் பார்க்கலாம். நம் மளிகைக்கடைக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். சிரித்துவிட்டு, ‘இவனுக்குத் தமிழ் அறியும், இல்லே?’ என்று என் பக்கம் திரும்புவார்.